குறுக்கே போகும் வள்ளங்களும் கால்மன் வடிகட்டியும்: திருக்கடலூர்க் கரையில் ஒரு எண்ணும் வேலை

காலையில் கரை திரும்பும் வள்ளங்களை வீடியோவில் எண்ணும் நிரல் ஒருவழியாகச் சரியாக ஓடுகிறது. கையால் எண்ணி 31 வள்ளங்கள் வந்த ஒரு காலைப் பதிவில் முதலில் அது 44 என்று சொன்னது. இப்போது அதே பதிவுக்கு 32 சொல்கிறது. மிச்சமிருக்கும் அந்த ஒன்று ஏன் கூடுகிறது என்பதும் தெரியும். இடையில் என்னென்ன மாற்றினேன், எது உதவியது, எது உதவவில்லை என்பதை வேலை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

வேலை தொடங்கியது பக்கத்து வீட்டுச் சம்மாட்டி மாமாவால். எந்த நேரத்தில் எத்தனை வள்ளம் திரும்புகிறது என்று தெரிந்தால் ஐஸ் எடுப்பதையும் மீன் லொறியை வரச்சொல்வதையும் ஒழுங்கு செய்யலாம் என்றார். வீட்டு மொட்டைமாடியில் இருந்து பார்த்தால் கரையும் கடலும் சரிவாகத் தெரியும். பைபர் வள்ளங்கள் வலப்பக்கத்தில் இருந்து இடப்பக்கமாக வந்து கரையேறும். திரையில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதைக் கடக்கும் ஒவ்வொரு வள்ளத்தையும் ஒருமுறை எண்ணினால் போதும்.

கருவிகள் அதிகமில்லை. பழைய கைபேசி, 4,500 ரூபாய்க்கு வாங்கிய முக்காலி, கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மடிக்கணினி. முக்காலியின் நடுவில் பாதி மணல் நிரப்பிய அரிசிப் பை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. கமரா ஆடினால் திரையில் இருக்கும் எல்லா வள்ளமும் ஒரே திசையில் ஒன்றாகத் துள்ளும். வள்ளத்தின் அடுத்த இடத்தைக் கணிக்கும் கால்மன் வடிகட்டி அதையெல்லாம் வள்ளத்தின் வேகம் என்று எடுத்துக்கொள்ளும்.

வள்ளத்தைக் கண்டுபிடிக்க, படத்தில் பொருட்களை அடையாளம் காண ஏற்கெனவே பயிற்றப்பட்ட சின்ன யோலோ மாதிரி ஒன்றை எடுத்தேன். அதன் பட்டியலில் `boat` என்ற வகை இருக்கிறது. மடிக்கணினியின் வேகத்துக்கு ஏற்ப மூன்று பிரேமுக்கு ஒன்றை மட்டும் எடுத்தேன். அதாவது ஏறத்தாழ வினாடிக்குப் பத்து. ஏறத்தாழ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கைபேசி வீடியோவில் பிரேம்களுக்கு இடையிலான நேரம் எப்போதும் ஒரே அளவாக இருக்காது. வெளிச்சம் குறைந்தால் கைபேசி தானாகவே பிரேம்களைக் குறைக்கும். அதனால் அந்த இடைவெளியான `dt` ஐ 0.1 என்று எழுதி வைக்காமல், ஒவ்வொரு பிரேமின் நேரத்தையும் OpenCV இன் `CAP_PROP_POS_MSEC` மூலம் வாசித்துக் கழித்து எடுத்தேன். விடியற்காலைப் பகுதியில் வள்ளங்களின் வேகம் காரணமில்லாமல் கூடிக் குறைந்துகொண்டிருந்தது இதோடு நின்றது.

ஒவ்வொரு பிரேமிலும் டிடெக்டர், அதாவது அந்த யோலோ மாதிரி, வள்ளங்களைச் சுற்றிச் சில பெட்டிகளைத் தரும். எந்தப் பெட்டி எந்த வள்ளம் என்று அது சொல்லாது. அந்தத் தொடர்ச்சியைக் காப்பது நம் வேலை. ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு தடம் வைத்திருப்போம். தடத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும்: பெட்டி மையத்தின் x, y, அந்த இரண்டின் வேகங்கள். கால்மன் வடிகட்டி அடுத்த பிரேமில் வள்ளம் எங்கே இருக்கும் என்று முன்கணித்து, அந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லும். இந்த இரண்டாவது பகுதிதான் எனக்கு வேண்டியிருந்தது. பலர் செய்வதுபோலப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு படிகின்றன என்று பார்த்துப் பொருத்துவது தூரத்து வள்ளங்களுக்குச் சரிவரவில்லை. இருபது பிக்சல் அகலமுள்ள பெட்டி ஒரு வினாடி மறைந்து திரும்பினால், பழைய பெட்டியும் புதிய பெட்டியும் ஒன்றையொன்று தொடாமலே போகும்.

வடிகட்டிக்கு இரண்டு அளவுகளை நாமே கொடுக்கவேண்டும். ஒன்று டிடெக்டர் எவ்வளவு தடுமாறும் என்பது, மற்றது வள்ளம் எவ்வளவு திடீரென்று வேகம் மாற்றும் என்பது. ஊகித்து எழுதாமல் அளந்தே எடுக்கலாம்.

தடுமாற்றத்துக்கு நங்கூரம் போட்டு நின்ற வள்ளம் ஒன்றைத் தேர்ந்தேன். ஒரு நிமிடப் பதிவில் அதன் பெட்டி மையம் எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்தேன். x, y இரண்டிலும் நியமவிலகல் ஏறத்தாழ 3 பிக்சல் வந்தது. அப்படியென்றால் தடுமாற்றத்தைச் சொல்லும் அணியான `R` இன் மூலைவிட்டத்தில் அதன் வர்க்கம், 9. நிற்கும் வள்ளமும் அலையில் கொஞ்சம் ஆடும் என்பதால் இது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும், அதில் கேடில்லை.

வேகமாற்றத்துக்கு வள்ளத்தின் நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். இங்குள்ள பைபர் வள்ளம் ஏறத்தாழ ஆறு மீற்றர். கோட்டுக்குக் கிட்ட வரும்போது திரையில் 60 பிக்சல். ஆகவே மீற்றருக்குப் பத்துப் பிக்சல். ஓட்டி எஞ்சினைக் கூட்டிக் குறைக்கும்போது வினாடிக்கு வினாடி ஒன்றரை மீற்றர் அளவில் வேகம் மாறலாம் என்று எடுத்தால், 15 பிக்சல். வேகமாற்றத்தைச் சொல்லும் அணியான `Q` ஐ அந்த 15 இலிருந்து கட்டினேன்.

இந்த எண்கள் சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. பெட்டி கணிப்பிலிருந்து விலகிய தூரத்தின் வர்க்கத்தை, வடிகட்டி எதிர்பார்த்த சிதறலான `S` ஆல் வகுத்துக்கொண்டே வாருங்கள். இதுதான் மஹாலனோபிஸ் தூரத்தின் வர்க்கம். இரண்டு அச்சுகளை அளப்பதால் அதன் சராசரி 2 ஐ ஒட்டி வரவேண்டும். ஐந்து, ஆறு என்று வந்தால் வடிகட்டி தன்னை மிஞ்சி நம்புகிறது, `Q` அல்லது `R` போதவில்லை. அரை, முக்கால் என்று வந்தால் தேவைக்கு மேல் சந்தேகப்படுகிறது. எனக்கு 1.8 வந்தது. அதற்குமேல் அதைத் தொடவில்லை.

அளவுகள் சரி, கணிப்புகளும் சரி. ஆனாலும் எண்ணிக்கை 44. மாமா திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒண்டை ரெண்டு தரம் எண்ணுதடா. நம்பர் மாறுது பார்" என்றார். அவர் காட்டிய இடத்தில் இரண்டு வள்ளங்கள் ஒன்றையொன்று கடந்துகொண்டிருந்தன. பதிவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்ததில், கூடுதல் எண்ணிக்கை ஏறக்குறைய எல்லாமே அப்படிக் கடக்கும் இடங்களில்தான் வந்திருந்தது. பிழை வடிகட்டியில் இல்லை, பெட்டிகளைத் தடங்களுக்குப் பங்கிடும் படியில் இருந்தது.

பங்கிடுவதற்கு ஹங்கேரியன் முறையைப் பயன்படுத்தியிருந்தேன். ஹரோல்ட் கூன் 1955 இல் வெளியிட்டது. ஒவ்வொரு தடத்துக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் இடையில் ஒரு செலவு கொடுத்தால், மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும்படி பங்கிட்டுத் தரும். `scipy` இல் `linear_sum_assignment` என்று இருக்கிறது. பங்கிட்டு முடிந்தபின், தூரம் மிஞ்சிய சோடிகளை நான் தள்ளிவிட்டேன். எல்லை 9.21. இரண்டு அச்சுகளுக்கு 99 வீதத்தை உள்ளடக்கும் கை-வர்க்க எல்லை அது. எண்ணிக்கையைக் கெடுத்தது, முதலில் பங்கிட்டுப் பிறகு தள்ளும் இந்த ஒழுங்குதான்.

ஒரு பிரேமை எடுத்துக்கொள்வோம். x ஐ மட்டும் பார்த்தால் போதும். தடம் அ 400 இல் இருக்கும் என்று கணிப்பு, தடம் ஆ 410 இல். இரண்டும் ஒன்றோடொன்று மறையும் நேரம் என்பதால், டிடெக்டர் ஒன்றின்மேல் ஒன்று படியும் பெட்டிகளில் ஒன்றை நீக்கிவிட்டது. மிஞ்சியது 402 இல் ஒரு பெட்டி, அது அ. அதே பிரேமில் வெகுதூரத்தில், 220 இல், புது வள்ளம் ஒன்று கரையிலிருந்து கிளம்பி முதன்முறை தெரிகிறது. ஒழுங்காக ஓடும் தடத்துக்கு `S` ஏறத்தாழ 12.

அ தன் பெட்டியை எடுத்தால் 2 இன் வர்க்கம் 4, அதை 12 ஆல் வகுக்க 0.33. அப்போது ஆவுக்கு மிஞ்சுவது 220 இல் உள்ள பெட்டி. 190 இன் வர்க்கத்தை 12 ஆல் வகுத்தால் 3008.33. மொத்தம் 3008.67. இப்போது மாற்றிப் பாருங்கள். ஆ 402 ஐ எடுத்தால் 5.33, அ 220 ஐ எடுத்தால் 2700. மொத்தம் 2705.33. இது குறைவு. ஆகவே ஹங்கேரியன் முறை இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கும். கணக்கின்படி அது சரி, கடலின்படி இரண்டுமே தவறு. பிறகு நான் எல்லையைப் போடும்போது 2700 தள்ளப்படும், 5.33 தப்பிவிடும். விளைவு, அ வள்ளத்தின் பெட்டி ஆவின் தடத்தில் ஏறியது. அ அநாதையாக நின்றது. சில பிரேம் கழித்து ஆ மீண்டும் தெரிந்தபோது அதற்குப் புது எண் கொடுக்கப்பட்டது.

வெகுதூரத்துப் புது வள்ளம் ஒன்று, தனக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு தடங்களைக் குலைத்துவிட்டது. நடக்கவே முடியாத சோடிகளின் பென்னம்பெரிய செலவுகளைக் கூட்டலுக்குள் விட்டதுதான் காரணம். ஆகவே எல்லையைப் பங்கீட்டுக்கு முன்னே கொண்டுவந்தேன். எல்லைக்கு வெளியே உள்ள சோடிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய செலவு. 220 இல் உள்ள பெட்டி அவிடம் போனாலும் ஆவிடம் போனாலும் அதே பத்து லட்சம்தான். தீர்மானிப்பது 0.33, 5.33 இரண்டில் எது குறைவு என்பது மட்டும். அ தன் பெட்டியைப் பெற்றது. பெரிய எண்ணுக்குப் பதிலாக `np.inf` போடலாமே என்று தோன்றும். ஒரு தடத்துக்கு எல்லைக்குள் ஒரு பெட்டியும் இல்லாத பிரேம் வந்ததும், பங்கிட வழியில்லை என்று `scipy` பிழை காட்டி நின்றுவிடக்கூடும்.

இந்த ஒரு மாற்றத்தில் 44 என்பது 36 ஆக இறங்கியது.

அடுத்த குழப்பம் வேறு வகை. கடந்து முடிந்த பின், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தடத்தின் பெட்டியை, சில வினாடிகளாகக் காணாமல் போயிருந்த தடம் பறித்துக்கொண்டது. காரணம் வகுத்தலில் இருக்கிறது. வள்ளம் தெரியாத ஒவ்வொரு பிரேமிலும் வடிகட்டியின் சந்தேகம் வளரும். மூன்று வினாடி தெரியாமல் இருந்தால் என் அளவுகளில் `S` 12 இலிருந்து 355 அளவுக்குப் போகும். ஒரு பெட்டி, ஓடும் தடத்தின் கணிப்பிலிருந்து 6 பிக்சல் தள்ளி இருக்கிறது: 36 ஐ 12 ஆல் வகுக்க 3. காணாமல் போன தடத்திலிருந்து 20 பிக்சல் தள்ளி இருக்கிறது: 400 ஐ 355 ஆல் வகுக்க 1.13. எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத தடம் கிட்ட நிற்பதுபோலக் காட்டி வென்றுவிடும்.

தூரத்தோடு `S` இன் துணிகோவையின் மடக்கையையும் கூட்டினால் இது சரியாகும். நிகழ்தகவை முழுமையாக எழுதினால் அந்த உறுப்பு தானாகவே வரும், வெறும் தூரத்தை எடுக்கும்போதுதான் விடுபடுகிறது. இரண்டு அச்சிலும் அதே அளவு என்று எடுத்தால், ஓடும் தடத்துக்கு 12 இன் வர்க்கத்தின் மடக்கை 4.97, கூட்ட 7.97. காணாமல் போனதற்கு 11.74, கூட்ட 12.87. இப்போது பெட்டி உரிய இடத்துக்குப் போகிறது. எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் பழைய தூரத்தை வைத்தே. இரண்டு மாற்றங்களும் சேர்ந்த பகுதி இவ்வளவுதான். `t.x` தடத்தின் நான்கு எண்கள், `t.P` அவற்றின் மீதான சந்தேகம், `H` அவற்றிலிருந்து x, y ஐ மட்டும் எடுக்கும் அணி:

```python
C = np.full((len(tracks), len(dets)), BIG)   # BIG = 1e6
for i, t in enumerate(tracks):
    S = H @ t.P @ H.T + R
    Si = np.linalg.inv(S)
    for j, z in enumerate(dets):
        y = z - H @ t.x
        d2 = y @ Si @ y
        if d2 < 9.21:
            C[i, j] = d2 + np.log(np.linalg.det(S))
r, c = linear_sum_assignment(C)
pairs = [(i, j) for i, j in zip(r, c) if C[i, j] < BIG]
```

சந்தேகம் வளரும் இந்தக் கணக்கு இன்னொரு கேள்விக்கும் விடை தந்தது. தெரியாமல் போன தடத்தை எவ்வளவு நேரம் உயிரோடு வைத்திருப்பது? பலரும் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு ஓட்டிப்பார்த்துத் தீர்மானிப்பார்கள். 9.21 இன் வர்க்கமூலம் 3.03. அதை `S` இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால், அந்தத் தடம் கணிப்பிலிருந்து எவ்வளவு தூரம்வரை பெட்டி தேடும் என்று பிக்சலில் வரும். ஒழுங்காக ஓடும்போது பத்துப் பிக்சல் சொச்சம். இரண்டு வினாடி தெரியாவிட்டால் 36. மூன்று வினாடியில் 57. நான்கு வினாடியில் 82. வள்ளம் 60 பிக்சல். தேடும் தூரம் ஒரு வள்ள நீளத்தைத் தாண்டியபின் அந்தத் தடம் பக்கத்து வள்ளத்தையும் தன்னுடையது என்று எடுக்கும் வாய்ப்பே அதிகம். ஆகவே மூன்று வினாடி, முப்பது பிரேம். அதற்குமேல் தெரியாவிட்டால் தடத்தை மூடிவிடுகிறேன். இதையும் மடக்கை உறுப்பையும் சேர்த்த பிறகு எண்ணிக்கை 34.

காலை வெயில் கடலில் பட்டுத் தெறிக்கும்போது டிடெக்டர் அலை முகட்டை வள்ளம் என்று காட்டுவது உண்டு. தொடர்ந்து மூன்று பிரேமில் பொருந்தினால்தான் தடம் உறுதி, உறுதியான தடம் கோட்டைக் கடந்தால்தான் எண்ணிக்கை. அலை முகடு மூன்று பிரேம் ஒரே வேகத்தில் போவது அரிது. 33.

கடைசியாகத் திருத்தியது, இரண்டு வள்ளம் ஒட்டிப்போய் ஒரே பெட்டியாக வரும் சந்தர்ப்பம். அப்போது பெட்டியின் மையம் இரண்டு வள்ளத்துக்கும் நடுவில் விழும். எந்தத் தடம் அதை எடுத்தாலும் அதன் வேகம் மற்ற வள்ளத்தின் பக்கம் இழுபடும். பிரிந்தபின் கணிப்பு தவறான திசையில் போகும். இதை வேகத்தைத் திரையில் எழுதிக்காட்டியபோதுதான் கண்டேன். வலமிருந்து இடமாக வினாடிக்கு 50 பிக்சல் போய்க்கொண்டிருந்த வள்ளம், கடக்கும் அந்தக் கணத்தில் 20 க்கு இறங்கி, பிறகு மீண்டும் ஏறியது. எந்த ஓட்டியும் அப்படி ஓடமாட்டார். அதனால் ஒவ்வொரு தடத்துக்கும் அதன் வழக்கமான பெட்டி அகலத்தை வைத்துக்கொண்டேன். வரும் பெட்டி அதைவிட 1.4 மடங்குக்கு மேல் அகலமாக இருந்து, வேறொரு தடத்தின் எல்லைக்குள்ளும் விழுந்தால், அந்தப் பிரேமில் இரண்டு தடத்தையும் திருத்தாமல் கணிப்பிலேயே ஓடவிடுகிறேன். நேராக ஓடும் வள்ளங்களுக்கு ஒரு வினாடி கண்ணை மூடிக்கொண்டு கணிப்பை நம்புவது, தப்பான அளவை நம்புவதைவிட நல்லது. இதோடு 32.

மிச்சமுள்ள ஒன்று, கடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வள்ளம் திரும்பிய இடம். மறைவில் இருக்கும்போது திரும்பினால் மாறா வேகம் என்ற எடுகோள் உடைந்துவிடும், மையப் புள்ளிகளை மட்டும் வைத்து அதைப் பிடிக்க வழியில்லை. வள்ளத்தின் நிறத்தையும் சேர்த்து ஒப்பிட்டால் முடியலாம். இங்கே நீலமும் வெள்ளையும்தான் அதிகம் என்பதால் அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

மறுபடி செய்தால் முதலில் கமராவை உயர்த்துவேன். மொட்டைமாடியிலும் தண்ணீர்த் தாங்கி நிற்கும் மேடை இன்னும் ஒரு ஆள் உயரம் கூட. உயரம் கூடினால் வள்ளங்கள் ஒன்றையொன்று மறைப்பது குறையும், மேலே எழுதிய பாதிச் சிக்கல் வராமலே போகும். ஒரு நீளக் கம்பியும் இரண்டு கவ்வியும் இருந்தால் போதும்.

நிரலில் மாற்றவேண்டியது, அந்தப் பத்து லட்சம். எல்லைக்கு வெளியே உள்ள எல்லாச் சோடிக்கும் அவ்வளவு பெரிய தண்டம் இருந்தால், பங்கீடு எப்படியாவது கூடுதலான சோடிகளைச் சேர்க்கவே பார்க்கும். அவுக்கு 402 மிகப் பொருத்தம் என்றாலும், அந்தத் தடத்தை எல்லையை ஒட்டிய வேறொரு பெட்டிக்குத் தள்ளிவிட்டால் ஆவுக்கும் ஒன்று கிடைக்கும் என்றால், அதையே செய்யும். ஒவ்வொரு தடத்துக்கும் "இந்தப் பிரேமில் தெரியவில்லை" என்ற பொய்ப் பெட்டி ஒன்றை மிதமான செலவில் சேர்த்தால், தெரியாமல் இருப்பதையும் ஒரு நியாயமான விடையாக அது எடுத்துக்கொள்ளும். அந்தச் செலவை எவ்வளவு வைப்பது என்பதை டிடெக்டர் நூறு பிரேமில் எத்தனை தரம் வள்ளத்தைத் தவறவிடுகிறது என்று எண்ணித்தான் தீர்மானிக்கவேண்டும். நங்கூரம் போட்ட அதே வள்ளத்தின் பதிவு கையில் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குகிறேன்.